கல்லாவில் ஒட்டிய க்யூஆரும் பில்லுக்குப் பில் பிறக்கும் க்யூஆரும்

கோவில்பட்டியில் என் சித்தப்பா கடலை மிட்டாய்க் கடை வைத்திருக்கிறார். ஊர்க்காரர்களைவிட, போகிற வழியில் வண்டியை நிறுத்தி வாங்குகிறவர்கள்தான் அதிகம். அவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒரே சரக்கு: அரைக் கிலோ பாக்கெட், 140 ரூபாய். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வேன் ஆட்கள் வந்து இறங்கினார்கள். எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு பாக்கெட். கல்லா மேல் ஒட்டியிருக்கும் க்யூஆரை ஒருவர் தோளுக்கு மேல் ஒருவராக எட்டி ஸ்கேன் செய்தார்கள். நடுவில் உள்ளூர் வாடிக்கையாளர் ஒருவரும் புகுந்து ஒரு பாக்கெட் வாங்கிப் போனார். சவுண்ட்பாக்ஸ் "நூற்று நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு பையனின் போனில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "அண்ணே, பணம் எடுத்துட்டதா மெசேஜ் வந்திருச்சு, பாருங்க" என்றான். "சரி தம்பி, போங்க" என்று அனுப்பிவிட்டார்.

ராத்திரி கணக்குப் பார்த்தபோது அந்த அரை மணி நேரத்தில் 140 ரூபாய் வரவு எட்டு இருந்தது. போனதோ ஒன்பது பாக்கெட். வட்டம் சுற்றிய பையனின் பணம் வரவில்லையா, அல்லது அது வந்துவிட்டு வேறொருவருடையது வரவில்லையா? ஒவ்வொரு வரவிலும் முன்பின் தெரியாத ஒரு பெயர், 12 இலக்க எண், நேரம், தொகை. இதை வைத்துக்கொண்டு எந்தப் பணம் எந்தப் பாக்கெட்டுக்கு வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சித்தப்பா அன்று 140 ரூபாயை விட்டுத்தள்ளினார். ஆனால் அவருக்கு ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியது: "சூப்பர் மார்க்கெட்டில பில் போட்டதும் ஸ்கிரீன்ல புதுசா ஒரு க்யூஆர் கோடு வருதே, அதுல இருந்தா இது தெரிஞ்சிருக்குமா?"

தெரிந்திருக்கும். ஏன் என்று புரிய, அந்தக் கறுப்புக் கட்டங்களுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

க்யூஆர் கோடு என்பது ஒரு வரி எழுத்தைக் கட்டங்களாக வரைந்த படம்தான். அதில் பணமும் இல்லை, இணைப்பும் இல்லை. கல்லாவில் ஒட்டிய யுபிஐ ஸ்டிக்கரைப் பிரித்துப் படித்தால் ஏறக்குறைய இப்படி ஒரு வரி கிடைக்கும்:

```
upi://pay?pa=kadai@bank&pn=Mittai%20Kadai&mc=5441&cu=INR
```

`pa` என்பது பணம் போய்ச் சேர வேண்டிய யுபிஐ முகவரி. `pn` கடையின் பெயர். `mc` என்ன வகை வியாபாரம் என்பதற்கான நான்கு இலக்கக் குறியீடு. 5441 என்றால் மிட்டாய்க் கடை. `cu` நாணயம். அவ்வளவுதான். இந்த வரி "யாருக்கு" என்று மட்டும் சொல்கிறது. எவ்வளவு, எதற்கு என்ற இரண்டையும் அது சொல்வதில்லை. எவ்வளவு என்பதை வாங்குகிறவர் தட்டுகிறார். எதற்கு என்பது கடைக்காரரின் தலைக்குள் இருக்கிறது. இந்த வரி இன்றைக்கும் இதுதான், அடுத்த வருஷமும் இதுதான். அதனால்தான் இது ஸ்டாட்டிக், அதாவது மாறாத க்யூஆர்.

இப்போது அதே கடையில் பில் மெஷின் ஒரு பில்லுக்காகத் தயாரிக்கும் வரியைப் பாருங்கள்:

```
upi://pay?pa=kadai@bank&pn=Mittai%20Kadai&mc=5441&tr=KVP2506140087&tn=Bill87&am=140.00&cu=INR
```

மூன்று சேர்ந்திருக்கின்றன. `am` தொகை. `tn` வாடிக்கையாளர் கண்ணில் படும் சின்னக் குறிப்பு. `tr` இந்தப் பில்லுக்கென்றே கொடுத்த அடையாள எண். அடுத்த பில்லுக்கு இந்த `tr` வராது, வரவும் கூடாது. இப்படிப் பில்லுக்குப் பில் மாறுவதுதான் டைனமிக் க்யூஆர்.

வரி நீண்டால் படமும் நெருக்கமாகும். முதல் வரியில் 56 எழுத்து. படம் கொஞ்சம் கெட்டாலும் படிக்க வைக்கும் பிழைதிருத்தத்தை நடுத்தர அளவில் வைத்து வரைந்தால் பக்கத்துக்கு 33 கட்டம் போதும். இரண்டாவதில் 93 எழுத்து. அதற்குப் பக்கத்துக்கு 41 கட்டம் வேண்டும். கையொப்பம், காலாவதி நேரம் என்று இன்னும் சேர்த்தால் கட்டங்கள் இன்னும் பொடியாகும். ஸ்வைப்பிங் மெஷினின் சின்னத் திரையில் வரும் க்யூஆர் சில போன்களில் சட்டென்று பிடிக்காமல் அடம்பிடிப்பதற்கு இது ஒரு காரணம். மேலே டியூப் லைட் வெளிச்சம் பட்டுக் கண்ணாடி பளபளத்தால் கேட்கவே வேண்டாம்.

பெரும்பாலோர் வித்தியாசம் தொகையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். ஸ்கேன் செய்ததும் 140 என்று தானாக வந்துவிடுகிறது, திருத்த முடிவதில்லை, ஆகவே இது டைனமிக். தொகை தானாக வருவதில் லாபம் இல்லாமல் இல்லை. 460க்குப் பதில் 46 தட்டிவிட்டுப் போகிற ஆட்களை நானே பார்த்திருக்கிறேன், அதுவும் கூட்ட நேரத்தில். ஆனால் என்னைக் கேட்டால் அது இரண்டாம்பட்சம். முக்கியமான எழுத்துகள் `tr`தான். பணத்தோடு பில் எண்ணும் சேர்ந்து பயணம் போகிறது, பணம் வந்து சேரும்போது அதே எண் திரும்பி வருகிறது. வித்தியாசம் முழுக்க அந்தத் திரும்பி வருவதில்தான் இருக்கிறது.

அதே வேனை டைனமிக் க்யூஆர் உள்ள கடையில் இறக்கிப் பார்ப்போம். பையன் பாக்கெட்டைக் கொடுக்கிறான், கல்லாவில் இருப்பவர் பில் போடுகிறார். பில் எண் 87, தொகை 140. பில் மென்பொருள் இந்த இரண்டையும் வங்கியின் அல்லது பணம் வசூலித்துத் தரும் நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்புகிறது. "87ஆம் பில்லுக்கு 140 ரூபாய் எதிர்பார்க்கிறேன்" என்று அங்கே ஒரு பதிவு விழுகிறது. சர்வர் மேலே பார்த்த மாதிரி ஒரு வரியைத் திருப்பி அனுப்ப, அது வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருக்கும் திரையில் க்யூஆராக வருகிறது. பெரும்பாலும் கூடவே ஒரு காலக்கெடுவும் ஓடும்.

பையன் ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுகிறான். அவன் வங்கியில் பணம் கழிகிறது, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ வழியாகக் கடையின் வங்கிக்கு வருகிறது. வந்த செய்தியில் 12 இலக்க எண்ணோடு `KVP2506140087` என்பதும் இருக்கிறது. கடைப் பக்கத்துச் சர்வர் அதைத் தன் பதிவோடு பொருத்தி, பில் மென்பொருளுக்குத் தானாகவே தகவல் அனுப்புகிறது. 87ஆம் பில் 'பணம் வந்தது' என்று மாறி, பிரிண்டரில் ரசீது வெளியே வருகிறது. கல்லாவில் இருப்பவர் யாருடைய போனையும் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்தவர் பில் 88, அவருடையதும் அதே 140தான். ஆனால் அது இன்னொரு `tr`. பத்துப் பேர் ஒரே தொகை கட்டினாலும் ஒன்றோடொன்று குழம்பாது.

வட்டம் சுற்றும் பையன் வந்தால்? கல்லாவில் இருப்பவர் 'ஸ்டேட்டஸ்' பொத்தானை அழுத்துகிறார். மென்பொருள் அந்த `tr`ஐச் சொல்லிச் சர்வரிடம் கேட்கிறது. வந்துவிட்டது, தோற்றுவிட்டது, இன்னும் முடிவாகவில்லை என்று மூன்றில் ஒரு பதில் வரும். முதல் இரண்டிலும் பேச்சுக்கு இடமில்லை. மூன்றாவதுதான் கழுத்தறுப்பு. இந்த இடத்தில் அவசரப்பட்டு அதே பில்லுக்கு இன்னொரு க்யூஆர் போட்டு இரண்டாவது முறை கட்டச் சொன்னால், கொஞ்ச நேரம் கழித்து முதல் பணமும் வந்து சேரக்கூடும். அப்புறம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எனவே முடிவாகாத பில்லுக்குக் காசு வாங்கிக்கொள்வதோ மறுபடி கட்டச் சொல்வதோ, சில நிமிடம் பொறுத்து ஸ்டேட்டஸ் பார்த்த பிறகுதான். இதில் வாடிக்கையாளருக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. கணக்கில் பணம் கழிந்து கடைக்கு உறுதி வராமல் போனால், 2019இல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும்.

சவுண்ட்பாக்ஸ் இருக்கிறதே, அது இந்த வேலையைச் செய்யாதா? பாதி செய்கிறது. பணம் உண்மையிலேயே வந்ததா என்பதற்கு அது நல்ல சாட்சி. சவுண்ட்பாக்ஸ் பேசுவது வாடிக்கையாளர் போனைப் பார்த்து அல்ல, அதற்குள் இருக்கும் சிம் வழியாக, பணம் வாங்கிய பக்கத்துச் சர்வர் சொன்னதைக் கேட்டு. போலி ஆப்பில் பச்சை டிக் காட்டி ஏமாற்றுகிறவர்களிடமிருந்து சின்னக் கடைகளைக் காப்பாற்றியது இந்தப் பெட்டிதான். ஆனால் அதற்குத் தொகை தெரியும், ஆள் தெரியாது. ஒரே தொகை அடுத்தடுத்து வந்தால் எது யாருடையது என்று அதாலும் சொல்ல முடியாது. சித்தப்பா கடையில் நடந்தது அதுதான்.

இங்கே ஒரு போலி டைனமிக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை வாங்கி ஏமாந்த கடைகள் இருக்கின்றன. மேலே கொடுத்த இரண்டாவது வரியை உருவாக்க வங்கியோ சர்வரோ தேவையில்லை. தொகையையும் ஒரு எண்ணையும் ஒட்டி வரியாக்கிப் படமாக வரைய எந்தச் சின்ன பில் மென்பொருளாலும் முடியும், இன்டர்நெட் இல்லாமலேகூட. எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடையில் ஒருவர் 'டைனமிக் க்யூஆர் வசதி' என்று சொல்லி இப்படி ஒன்றை விற்றுவிட்டுப் போனார். பில்லுக்குப் பில் க்யூஆர் மாறியது, தொகை தானாக வந்தது. ஆனால் பணம் வந்ததா என்று பார்க்கக் கடைக்காரர் பழையபடி தன் போனைத்தான் எடுத்தார். எண் பணத்தோடு போகிறது. அது திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ள அந்த மென்பொருளில் ஆள் இல்லை. ஒரே படத்தை இருவர் ஸ்கேன் செய்து இரண்டு தடவை கட்டினாலும் அதற்குத் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு சோதனை போதும்: ஒரு ரூபாய்க்குப் பில் போட்டுக் கட்டிவிட்டு யாரும் எதையும் தொடாமல் காத்திருங்கள். பில் தானாக 'கட்டியாயிற்று' என்று மாறினால் முழு டைனமிக். 'பணம் வந்தது' என்ற பொத்தானை நீங்கள் அழுத்த வேண்டியிருந்தால், தொகை நிரப்பிய ஸ்டிக்கர், அவ்வளவுதான்.

யுபிஐ வரியில் ஸ்டாட்டிக்கா டைனமிக்கா என்று பார்க்க `tr`, `am` இரண்டையும் தேட வேண்டியிருக்கிறது. பாரத் க்யூஆர், இலங்கையின் லங்காக்யூஆர், சிங்கப்பூரின் எஸ்ஜிக்யூஆர் எல்லாம் பின்பற்றுவது, கார்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் இஎம்விகோ அமைப்பின் தரத்தை. அதில் இது வெளிப்படையாகவே எழுதியிருக்கும். அந்த வரியின் தொடக்கத்தில் `010211` என்று வந்தால் ஸ்டாட்டிக், `010212` என்று வந்தால் டைனமிக். கொழும்பில் கடை வைத்திருக்கும் நண்பர்கள் தங்கள் க்யூஆரைச் சாதாரண ஸ்கேனரில் படித்துப் பார்க்கலாம். முதல் பன்னிரண்டு எழுத்துக்குள் விடை கிடைத்துவிடும்.

திருட்டு விஷயத்தில் இரண்டுக்கும் உள்ள தூரம் பெரியது. ஸ்டிக்கர் ராத்திரி முழுக்கக் கடை வாசலில் தனியாக இருக்கிறது. அதன் மேல் வேறொரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால் போதும், மறுநாள் பணம் இன்னொருவர் கணக்குக்குப் போகும். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் பல கடைகளில் ஒரே ராத்திரியில் இப்படி மாற்றி ஒட்டினார்கள். ஒரு பெட்ரோல் பங்க்கும் அதில் மாட்டியது. ஸ்டிக்கரை மாற்றினால் சவுண்ட்பாக்ஸ் வாயைத் திறக்காது. கூட்டத்தில் அந்த மௌனத்தைக் கவனிக்கிற ஆள் வேண்டும், அதுதான் சிக்கல். வாங்குகிறவர் பக்கம் ஒரே பிடிமானம் ஸ்கேன் செய்ததும் ஆப் காட்டும் பெயர். மிட்டாய்க் கடையில் நின்றுகொண்டு ஸ்கேன் செய்தால் சம்பந்தமில்லாத ஒரு ஆள் பெயர் வருகிறது என்றால், உரக்கக் கேட்டுவிடுவது நல்லது. உரிமையாளர் சொந்தப் பெயரிலேயே கணக்கு வைத்திருக்கும் கடைகளும் நிறைய உண்டு, ஆகையால் பெயர் மாறியிருந்தாலே மோசடி என்று முடிவு கட்டவும் முடியாது. டைனமிக் க்யூஆர் சில நிமிடமே உயிரோடு இருப்பதால் மேலே ஒட்ட ஒன்றும் இல்லை. கெடுக்க வேண்டுமானால் பில் மென்பொருளுக்குள்ளேயே புகுந்தாக வேண்டும்.

அதற்காக டைனமிக்கில் கோளாறே வராது என்றில்லை. அடுத்தடுத்து இரண்டு கவுன்டர் இருக்கும் கடையில், தன் கவுன்டர்த் திரையை விட்டுப் பக்கத்துக் கவுன்டர்த் திரையை ஸ்கேன் செய்து, முன்பின் தெரியாதவரின் பில்லைக் கட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு. தொகையைப் பார்த்திருந்தால் பிடித்திருக்கலாம். தானாக வருகிறதே என்ற தைரியத்தில் யாரும் பார்ப்பதில்லை. காலக்கெடு முடிகிற கடைசி நொடியில் பின் நம்பர் போட்டால், க்யூஆர் காலாவதியான பிறகு பணம் வந்து நிற்கும். அதைப் பில்லில் சேர்ப்பதா, திருப்புவதா என்பது அந்தந்த மென்பொருளின் ஏற்பாட்டைப் பொறுத்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை கடையின் சொந்த இன்டர்நெட். ஸ்டாட்டிக் ஸ்டிக்கருக்குக் கரன்ட் வேண்டாம், சிக்னல் வேண்டாம். வாங்குகிறவர் போனில் சிக்னல் இருந்தால் போதும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஸ்கேன் செய்யலாம். டைனமிக்கில் ஒருவர் முடித்தால்தான் திரை அடுத்தவருக்கு. கடையின் லைன் படுத்துவிட்டால் க்யூஆரே வராது. அதனால் டைனமிக் வைத்த கடைகளிலும் கல்லா ஓரத்தில் ஒரு பழைய ஸ்டிக்கர் ஒட்டியே இருக்கும். வரிசை நீண்டதும் "சார், இதுல போட்டுருங்க" என்று விரல் அந்தப் பக்கம் நீளும். அப்படி வரும் பணத்தில் பில் எண் கிடையாது. ராத்திரி டேலி ஆகாத கணக்கை அலசினால் முக்கால்வாசி இந்த ஸ்டிக்கர் வழி வந்ததாகத்தான் இருக்கும். மென்பொருள்காரனைத் திட்டுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

செலவு என்று பார்த்தால், 2020 ஜனவரியிலிருந்து யுபிஐ மூலம் வங்கிக் கணக்கிலிருந்து கட்டும் பணத்துக்குக் கடைக்காரரிடம் சதவீதக் கட்டணம் கிடையாது. அது இரண்டு க்யூஆருக்கும் பொது. டைனமிக்கில் செலவு மெஷின் வாடகை, மென்பொருள், பில் போட ஒரு ஆள் என்று வேறு வழியில் வருகிறது. தள்ளுவண்டியில் கொய்யா விற்கிறவருக்குப் பில்லே இல்லை. அவருக்கு `tr` எதற்கு?

பெரிய நிறுவனங்களுக்கு இது விருப்பம் சார்ந்த விஷயம்கூட இல்லை. ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாயைத் தாண்டும் நிறுவனங்கள், பொதுமக்களுக்குப் போடும் பில்லில் டைனமிக் க்யூஆர் வைக்க வேண்டும் என்று 2020 மார்ச்சில் ஜிஎஸ்டி அறிவிக்கை வந்தது. யுபிஐ முகவரியும் தொகையும் மட்டும் போதாது. ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, வரி எவ்வளவு என்பதும் அதில் இருக்க வேண்டும். அதே நிறுவனம் இன்னொரு வியாபாரிக்குப் போடும் இ-இன்வாய்ஸிலும் ஒரு க்யூஆர் இருக்கும். அதை ஜிபேயில் ஸ்கேன் செய்து "வேலை செய்யவில்லை" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அது பணம் கட்ட அல்ல, பில் உண்மையானதா என்று சரிபார்க்க. ஹோட்டல் மேஜையில் மெனு காட்டும் க்யூஆரையும் விளம்பரக்காரர்கள் 'டைனமிக்' என்பார்கள். படம் மாறாமல், அது கொண்டுபோய்விடும் பக்கம் மட்டும் மாறுவது அது. பெயர்தான் ஒன்று.

சித்தப்பாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். அவர் மெஷின் வாடகையைக் கேட்டார், கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு இடைவழி ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார். வங்கியில் கேட்டு இரண்டாவது யுபிஐ முகவரி வாங்கி, இரண்டு ஸ்டிக்கர் ஒட்டினோம்: ஒன்று அரைக் கிலோ பாக்கெட் வைக்கும் மேஜையில், இன்னொன்று மற்றச் சரக்குக்குக் கல்லாவில். பில் எண் அளவுக்குத் துல்லியம் இல்லைதான். ஆனால் பாக்கெட் மேஜையின் முகவரியில் வந்த வரவை 140ஆல் வகுத்தால் எத்தனை பாக்கெட்டுக்குப் பணம் வந்திருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. வேன் வந்தால் மட்டும் பையன் ஒருவன் மேஜை பக்கத்தில் நின்று, சவுண்ட்பாக்ஸ் ஒவ்வொரு முறை சொன்ன பிறகுதான் பாக்கெட்டைக் கையில் கொடுக்கிறான்.